அம்மாவின் பழைய போன்

அக்கா மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டதும் டியூஷன், அங்கிருந்து ஆட்டோவில் வீடு. ஒருநாள் ஆட்டோ வராமல், இருட்டும்வரை தெருமுனையில் நின்றிருக்கிறாள். அன்றைக்கே அக்கா தன் பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்து, புது சிம் போட்டு, இரண்டு கேம்களை நீக்கிவிட்டு அவளிடம் நீட்டினாள். நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த போனில் இன்னும் அக்காவின் ஜிமெயில் கணக்குதான் இருந்தது.

முதல் ஓட்டை

பெரியவர் கணக்கோடு இருக்கும் போனை யார் தொட்டாலும் கூகுளுக்கு அவர் பெரியவர்தான். யூடியூபும் ப்ளே ஸ்டோரும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் முதலில் அக்காவின் கணக்கை செட்டிங்ஸில் போய் நீக்கினோம், அதன் பிறகுதான் போனை ஃபேக்டரி ரீசெட் செய்தோம். வரிசை மாறினால், ரீசெட் முடிந்ததும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு போன் அடம்பிடிக்கக்கூடும்.

பிறகு அக்காவின் இப்போதைய போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பை இறக்கி, குழந்தைக்குத் தனிக் கணக்கு தொடங்கினோம். பிறந்த தேதியை உள்ளபடியே கொடுக்க வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டால் குழந்தைகளுக்கான பாதுகாப்பு அங்கேயே போய்விடும்.

எத்தனை மணி நேரம் என்பதைவிட, எத்தனை மணிக்கு

ஐந்து முதல் பத்து வயதுவரை ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் சொன்னது. டிவியும் அதில் சேர்த்தி. இவள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், அதனால் நான் முதலில் கைவைத்தது இரவு நேரத்தில். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவள் காலை 6 மணிக்கு எழ வேண்டும் என்றால் 9 மணிக்குத் தூங்கியாக வேண்டும். திரை வெளிச்சமும் பரபரப்பான வீடியோவும் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் ஓய வேண்டும். ஆகவே Downtime இரவு 8 முதல் காலை 6.30 வரை. Daily limit பள்ளி நாளில் 45 நிமிடம், சனி ஞாயிறில் ஒன்றரை மணி.

போன் பூட்டிக்கொண்டாலும் வரும் அழைப்பை எடுக்கலாம், அவசர எண்ணுக்கும் பேசலாம். ஆனால் அவளாக அம்மாவைக் கூப்பிட வேண்டுமே? அதற்கு போன் ஆப்பை மட்டும் Always allowed ஆக்கிவிட வேண்டும். இதை மறந்தால் போன் கொடுத்த காரணமே பொய்த்துவிடும்.

வடிகட்டி எதைப் பிடிக்கும்

குரோமில் Try to block explicit sites என்பது பெரும்பாலான ஆபாசத் தளங்களைத் தடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. 11 வயதுக்கு நான் Only allow approved sites வைத்தேன். அவள் கேட்கும் தளத்துக்கு அக்கா போனில் அனுமதி கேட்டு அறிவிப்பு வரும். முதல் வாரம் கொஞ்சம் தொல்லைதான்.

இந்த வடிகட்டி குரோமுக்குள் மட்டுமே வேலை செய்யும். போன் கம்பெனியே போட்டுத் தரும் வேறொரு பிரவுசர் இருந்தால் அதைத் தனியாக Block செய்ய வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? யூடியூப் ஆப் பத்தே நிமிடம் ஓடியதாக ஃபேமிலி லிங்க் காட்டுகிறது, பிள்ளையோ பத்து வீடியோவின் கதையைச் சொல்கிறது என்றால், வேறு கதவு திறந்திருக்கிறது.

யார் யார் பேசலாம்

ஃபேமிலி லிங்கில் அனுமதித்த தொடர்புகளுக்கு மட்டும் அழைப்பும் குறுஞ்செய்தியும் என்று வைக்கும் வசதி 2025இல்தான் போன்களுக்கு வந்தது, எல்லாப் போனிலும் தெரியாது. அம்மா, அப்பா, தாத்தா, டியூஷன் மிஸ், எதிர்வீட்டு ஆன்ட்டி என்று பட்டியல் போட்டோம். ஆட்டோ அண்ணனை அக்கா சேர்த்தாள். அவர் இரண்டு சிம் வைத்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. பள்ளி அலுவலக லேண்ட்லைனும் அப்படி விடுபட்ட ஒன்று. பட்டியலில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து அழைத்துப் பார்த்தோம், மணி அடிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

வாட்ஸ்ஆப்புக்கு இந்தப் பட்டியல் தெரியாது. அதில் பிள்ளை தானாகக் கணக்கு தொடங்க 13 வயதாக வேண்டும் என்பதே அந்நிறுவனத்தின் விதி. வகுப்பு குரூப்பில்தான் ஹோம்வொர்க் வருகிறது என்றால் அது அம்மா போனிலேயே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்து ஐந்தாம் நாள் இரவு 8.20க்குப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கூடுதல் நேரம் அக்கா போனிலிருந்தே அனுமதிக்கப்பட்டிருந்தது. அக்கா அப்போது அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா போனின் பேட்டர்னைப் பிள்ளை எப்போதோ பார்த்து வைத்திருக்கிறாள். அன்றிரவே பேட்டர்னை எடுத்துவிட்டு ஆறு இலக்க எண் போட்டோம், திரையைக் கையால் மறைத்துக்கொண்டு.