காலையில் எடுத்த நகல், மாலையில் வந்த மோதல்

திருவண்ணாமலை–செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரின் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ வரைபடத்தில் அந்தக் கடைக்கு ஒரு புள்ளி உண்டு. கல்லூரி மாணவி ஒருவர் காலையில் வீட்டு வைஃபையில் ஊரின் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு கிளம்புகிறார். வழியில் சிக்னல் இல்லாவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. கடை திறக்கும் நேரத்தைச் செயலியில் பதிந்துகொள்கிறார். அது கைபேசியிலேயே காத்திருக்கிறது.

நண்பகலில் சென்னையில் இருக்கும் இன்னொருவர், அதே கடையின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்திவிடுகிறார். மாலையில் வீடு திரும்பிய மாணவி தன் பதிவை அனுப்புகிறார். சர்வர் மறுத்துவிடுகிறது:

```
Version mismatch: Provided 2, server had: 3 of Node 4326
```

வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. திருத்தம் ஏறும்போதெல்லாம் சர்வர் அதில் ஒன்றைக் கூட்டும். மாணவி இறக்கிய நகல் 2-ஆம் பதிப்பு; சென்னைக்காரர் கை வைத்ததும் சர்வரில் அது 3 ஆகிவிட்டது. திருத்தத்தை அனுப்பும் செயலி, தான் எந்தப் பதிப்பைப் பார்த்துத் திருத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எண் பொருந்தாவிட்டால் 409 என்ற குறியீட்டோடு பதிவு திரும்பி வந்துவிடும்.

இந்தக் கட்டுப்பாடு 2009 ஏப்ரலில், வரைபடத்தின் ஏபிஐ 0.6-க்கு மாறியபோது வந்தது. அதற்கு முன் கடைசியாக அனுப்பியவர் எழுதியதே நின்றது. அதில் ஒரு வில்லங்கம். செயலி அனுப்புவது மாற்றத்தை மட்டும் அல்ல. புள்ளியின் எல்லா விவரங்களையும் முழுசாக அனுப்புகிறது. மாணவி தொட்டது நேரத்தை மட்டும்தான் என்றாலும், அவருடைய நகலில் இருந்த பழைய, பிழையான பெயரும் கூடவே போய் உட்கார்ந்திருக்கும். சென்னைக்காரரின் திருத்தம் சத்தமில்லாமல் அழிந்திருக்கும்.

எது பிந்தியது என்பதை நேரத்தை வைத்தே முடிவு செய்யலாமே என்று தோன்றும். கைபேசிக் கடிகாரத்தை நம்ப முடியாது என்பது ஒரு சிக்கல். கடிகாரம் சரியாக இருந்தாலும், பிந்தி எழுதியவர் முந்தியவரின் திருத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா என்பதை நேரம் சொல்லாது. பதிப்பு எண் சொல்லும்.

மோதலைக் கண்டுபிடிப்பதோடு சர்வரின் வேலை முடிந்துவிடுகிறது. தீர்ப்பது செயலியின் பாடு. ‘வெஸ்பூச்சி’ என்ற ஆண்ட்ராய்டு செயலி இந்த மோதலைப் பயனர் முன் வைத்து, உங்களுடையதா சர்வரில் உள்ளதா என்று கேட்கும். ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ வேறு வழியில் போகிறது. எந்த விவரம், எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்புக்கு மாறியது என்பதை மட்டும் அது குறித்து வைத்திருக்கும். மோதல் வந்தால் புதிய பதிப்பை இறக்கி, தான் மாற்றிய விவரம் அங்கே பழையபடியே இருக்கிறதா என்று பார்க்கும். நம் மருந்துக்கடையில் நேரத்தை வேறு யாரும் தொடவில்லை. ஆகவே 3-ஆம் பதிப்பின் மேல் நேரத்தைச் சேர்த்து அனுப்பிவிடும். புள்ளி 4-ஆம் பதிப்பு ஆகும், திருத்திய பெயரும் தப்பும். சென்னைக்காரரும் நேரத்தையே வேறு மாதிரி மாற்றியிருந்தால், தன் பதிலை அது கைவிட்டுவிடும். கறாரான முடிவுதான், ஆனால் தெருவில் நின்று பார்த்தவரின் தகவல் வீணாகிறதே என்ற வருத்தமும் நியாயமானது.

சொந்தமாகச் செயலி எழுதுபவர்களுக்கு இந்தச் சோதனை ஒரே வரியில் அடங்கும்:

```sql
UPDATE shops SET hours = '09:00-21:00', version = version + 1
WHERE id = 4326 AND version = 2;
```

ஒரு வரிசையும் மாறவில்லை என்று தரவுத்தளம் சொன்னால், அந்தக் கடையை இடையில் வேறு யாரோ திருத்தியிருக்கிறார்கள், அல்லது நீக்கியிருக்கிறார்கள்.

பதிப்பு எண்ணால் பிடிக்க முடியாதவையும் உண்டு. வரைபடத்தில் இல்லாத ஒரு தேநீர்க் கடையை இரண்டு பேர் தனித்தனியே சேர்த்தால், சர்வருக்கு அவை இரண்டு புதிய புள்ளிகள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிப்பே கிடையாது, மோதலும் எழாது. இதைவிடத் தொல்லை, பதிவு சர்வரில் ஏறிய பிறகு ‘ஏறிவிட்டது’ என்ற பதில் வரும் வழியில் சிக்னல் அறுந்துபோவது. செயலி மறுபடி அனுப்பும். பழைய புள்ளியின் திருத்தமாக இருந்தால், தன் திருத்தத்தோடேயே மோதி 409 வாங்கும், அதனால் கேடில்லை. புதிய புள்ளியாக இருந்தால் ஒரே கடை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை ஏறிவிடும்.

ஆகவே அனுப்பும்போது இணைப்பு அறுந்தால், உடனே மறுபடி அனுப்பும் பொத்தானை அழுத்தாதீர்கள். அந்தப் பகுதியைப் புதிதாக இறக்கி, நீங்கள் சேர்த்த கடை ஏற்கனவே அங்கே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.