பாட்டில் பார்ப்பதைத்தான் படம் காட்டும்

வீட்டில் செய்து விற்கும் பொருள்களில் போனில் படம் எடுக்கச் சற்றே அடம்பிடிப்பது கண்ணாடி பாட்டில். துணியையோ மரச் சாமானையோ ஜன்னல் ஓரம் வைத்தால் ஓரளவு நன்றாகவே வந்துவிடும். பாட்டில் அப்படி இல்லை. அதன் வளைந்த பக்கங்கள் அறையிலிருக்கும் எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஜன்னல் கம்பி, எதிர்ச் சுவரின் பச்சை, மேலே எரியும் டியூப்லைட், படம் எடுப்பவரின் சிவப்பு நைட்டி என ஒவ்வொன்றும் ஒரு கோடாகவோ புள்ளியாகவோ அதில் வந்து உட்காரும். அதனால் பாட்டிலைப் படம் எடுக்கக் கற்றவருக்கு மற்ற பொருள்கள் சுலபமாகிவிடும்.

மதுரையில் வீட்டிலேயே மாங்காய்த் தொக்கு கிளறி, 200 கிராம் பாட்டில்களில் அடைத்து விற்கும் அக்கா ஒருவரின் படங்களை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தாளுக்கு முன்னால் பாட்டிலை வைத்து எடுத்திருந்தார். தாள் சாம்பல் நிறத்தில் இருந்தது, தொக்கு கறுப்பாக இருந்தது, பாட்டிலின் இடது பக்கத்தில் ஜன்னல் கம்பிகள் வரிவரியாக ஓடின. “தொக்கு அடிப்பிடிச்ச மாதிரி தெரியுதே, வாங்குறவங்க என்ன நெனைப்பாங்க?” என்று கேட்டார். தொக்கு நல்ல செந்நிறத்தில்தான் இருந்தது. படத்தில் இருந்த மூன்று குறைகளுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. புதுப் போன் வாங்கினாலும் அவை மூன்றும் அப்படியேதான் இருக்கும்.

முதலில் வெளிச்சம். நேர் வெயில் விழாத, ஆனால் வானம் நன்றாகத் தெரியும் ஜன்னல் வேண்டும். வடக்குப் பார்த்த ஜன்னல்தான் சிறந்தது என்று பல இடங்களில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது ஆண்டு முழுதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப் பொழுதிலும் சூரியன் சற்று வடக்கே சாய்ந்தே இருக்கும். தெற்கே போகப் போக இந்தக் காலம் இன்னும் நீளும். கோடையில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் உள்ளே வரலாம். ஆகவே திசையை நம்ப வேண்டாம், தரையைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் தரையில் கூர்மையான ஓரங்களோடு கட்டமாக விழுந்தால் அது நேர் வெயில். அந்த வேளையில் வேறு ஜன்னலுக்குப் போங்கள், அல்லது காத்திருங்கள்.

இதே ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகத் தொங்கவிட்டால் இரண்டு வேலை நடக்கும். வெளிச்சம் துணி முழுவதும் பரவி வருவதால் நிழலின் ஓரம் மென்மையாகும். பாட்டிலில் தெரிந்த கம்பி வரிகளும் மறையும், அங்கே நீளமான ஒரு வெண்பட்டைதான் தெரியும். அந்தப் பட்டையை அழிக்க முயல வேண்டாம். அது இருப்பதால்தான் பார்ப்பவருக்கு இது கண்ணாடி, உருண்டையானது என்று புரிகிறது. வேட்டியின் கரை மட்டும் ஜன்னலுக்கு வெளியே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடர்ந்த நிறக் கரை என்றால் அதுவும் கண்ணாடியில் ஒரு வண்ணக் கோடாக வரும்.

அறையிலுள்ள விளக்குகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும். குண்டு பல்பின் வெளிச்சம் மஞ்சள், ஜன்னல் வெளிச்சம் அதைவிட நீலம். இரண்டும் கலந்தால் பாட்டிலின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறு பக்கம் நீலமாகவும் நிற்கும். போன் இரண்டில் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும். பிறகு திருத்தினாலும் ஒரு பக்கத்தைச் சரியாக்கினால் மறு பக்கம் கெடும்.

பின்னணிக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் முழு வெள்ளை சார்ட் பேப்பர் ஒன்று போதும், பளபளப்பு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, அதன் பின்விளிம்பில் ஒரு நாற்காலி. தாளின் மேல் ஓரத்தை நாற்காலி முதுகில் டேப் வைத்து ஒட்டி, மீதியை மேசை மேல் வழியவிடுங்கள். மடிக்கக் கூடாது, தானாக வளைந்து இறங்க வேண்டும். மடிப்பு இருந்தால் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு கோடு ஓடும். வளைவு இருந்தால் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் பாட்டிலுக்குப் பக்கவாட்டில், இரண்டு மூன்று அடி தள்ளி இருக்கட்டும். அதைவிட நெருங்கினால் ஜன்னல் பக்கம் மிக வெளுத்தும் எதிர்ப் பக்கம் மிக இருண்டும் போகும்.

எதிர்ப் பக்கத்து இருட்டுக்கு மருந்து ஒரு தெர்மாகோல் அட்டை. ஜன்னலுக்கு எதிரே, பாட்டிலிலிருந்து ஒரு முழம் தள்ளி, படத்துக்குள் வராமல் நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்தில் விழும். அட்டையை நெருக்கினால் நிழல் வெளுக்கும், தள்ளினால் ஆழமாகும். நிழலை முழுக்க அழிக்காமல் லேசாக விட்டால்தான் பாட்டில் மேசையில் நிற்பதாகத் தோன்றும். இந்த அட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. நம் வீட்டுச் சுவர்கள் பலவும் இளம்பச்சையோ ரோஸோ பூசியவை. அந்த நிறம் பாட்டிலில் ஏறாமல் தெர்மாகோல் மறைத்துவிடும்.

இப்போது ஒரு புதுச் சிக்கல் வரும். தொக்கு இருக்கும் வரை பாட்டிலின் ஓரம் தெளிவாகத் தெரியும். அதற்கு மேலே, மூடிக்குக் கீழே, வெறுங்கண்ணாடியாக உள்ள கழுத்து வெள்ளைப் பின்னணியில் கரைந்து போய், மூடி அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கும். இதற்கு வெளிச்சத்தைக் கூட்டக் கூடாது, கறுப்பைக் கொண்டுவர வேண்டும். கறுப்புச் சார்ட் பேப்பரில் நான்கு விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, பாட்டிலின் இரு பக்கமும் சற்றுப் பின்னே தள்ளி, படத்தின் எல்லைக்கு வெளியே நிற்கவையுங்கள். கண்ணாடியின் விளிம்பு அந்தக் கறுப்பை வாங்கிக்கொண்டு மெல்லிய கோடாகக் காட்டும். கழுத்து மீண்டும் தெரியும். கண்ணாடிப் பொருள்களைப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்.

அடுத்து போன். லென்ஸை முதலில் பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் வெள்ளைப் பின்னணி புகைபோலப் பரவி, லேபிள் எழுத்து மங்கும். பாட்டிலையும் துடைத்துவிட்டு, துணியால் பிடித்தே மேசையில் வையுங்கள்.

பிறகு தள்ளி நில்லுங்கள். போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கும் வகை. அதை பாட்டிலின் மூக்கருகே கொண்டுபோனால் அருகிலுள்ள பகுதி பெருத்தும் தொலைவிலுள்ளது சிறுத்தும் வரும். மேலேயிருந்து எடுத்தால் மூடி பெரிதாகவும் அடி குறுகியும் தெரிவது இதனால்தான். இரண்டு மூன்று அடி தள்ளிப்போய் 2x தொடுங்கள். அப்படிச் செய்யும்போது படம் சொரசொரப்பாக வந்தால் 1x-இலேயே எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம். 12 மெகாபிக்சல் படம் சுமார் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது. நீள அகலத்தில் பாதியை வெட்டினாலும் 2000க்கு 1500 மிஞ்சும், இணையக் கடைப் படத்துக்கு அது போதும். லென்ஸ் லேபிளின் உயரத்தில் இருக்க வேண்டும். சிறிய பாட்டிலுக்குப் போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மேசையை ஒட்டி இறங்கும்.

தொக்கு கறுத்ததற்கும் தாள் சாம்பலானதற்கும் காரணம் ஒன்றே. தன் முன்னால் இருப்பது சராசரியாக நடுத்தர வெளிச்சம் உள்ள காட்சி என்ற கணக்கில்தான் கேமரா வேலை செய்கிறது. முழுவதும் வெள்ளைத் தாளாக இருந்தால், வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகும், அதோடு சேர்ந்து சிவப்பும் கறுக்கும். ஆகவே நாம்தான் திருத்த வேண்டும். திரையில் லேபிள் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும், ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பூட்டுப் படம் வரும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மெல்ல மேலே தள்ளுங்கள். எண் காட்டும் போன் என்றால் EV +0.7-இலிருந்து +1 வரை பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எங்கே நிறுத்துவது என்பதை லேபிளே சொல்லும். வெள்ளை லேபிளின் விளிம்பும் அதிலுள்ள பொடி எழுத்தும் தெரிய வேண்டும். அவை வெளுத்து மறையத் தொடங்கினால் கூட்டியது அதிகம், சிறிது இறக்குங்கள். பின்னணியில் லேசான சாம்பல் மிஞ்சினால் பரவாயில்லை, பிறகு திருத்தும்போது வெளுத்துக்கொள்ளலாம். எரிந்துபோன எழுத்தைத் திருத்தி மீட்க முடியாது.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், கண்ணாடியின் நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்துவிடும். போர்ட்ரெய்ட் முறையும் வேண்டாம், பாட்டிலின் ஓரம் எது பின்னணி எது என்று தெரியாமல் கழுத்தையே மங்கலாக்கும். போனை நான்கு புத்தகங்களில் சாய்த்து, டைமரை 2 அல்லது 3 நொடி வைத்து எடுங்கள். வீட்டுக்குள் வரும் வெளிச்சத்தில் கேமரா சற்று நேரம் எடுத்தே படம் பிடிக்கும். கை ஆடினால் எழுத்து இரட்டையாக விழும்.

அக்காவின் மேசையில் இதையெல்லாம் செய்து முடித்தபோது தொக்கு செந்நிறத்தில் வந்துவிட்டது. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை. “இன்னும் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கு” என்றார். அவர் போனில், இரவில் கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் அமைப்பு பகலிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்து, பாட்டிலையும் போனையும் அதே ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிறத்தை ஒப்பிட அதுதான் சரியான வழி. சிவப்பு நன்றாக எடுபடட்டும் என்று வண்ணத்தைக் கூட்டும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். படத்தில் மின்னும் தொக்கை நம்பி வாங்கியவர் வீட்டில் பாட்டிலைத் திறந்ததும் வேறு நிறம் பார்த்தால், அடுத்த ஆர்டர் வராது.

ஒரு பொருளுக்கு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒன்று. சேர்மானம், தயாரித்த தேதி, 14 இலக்க FSSAI எண் ஆகியவை பெரிதாக்கிப் படிக்கும்படி லேபிள் ஒன்று. மூடியைத் திறந்து ஒரு ஸ்பூனில் எடுத்த தொக்கு ஒன்று. அமேசான் போன்ற இணையக் கடையில் போடுவதானால் முதல் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீதம் அடைக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1000 புள்ளியாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது HD தேர்ந்தெடுங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் சுருங்கிப்போன படத்தில் அந்தப் பொடி எழுத்துகள்தாம் முதலில் கலையும்.

கடைசியாக, மேசையிலிருந்து பாட்டிலை எடுக்கும் முன் அது நின்ற இடத்தையும், தெர்மாகோல், கறுப்புத் துண்டுகள், போன் சாய்த்த புத்தகங்கள் நின்ற இடங்களையும் சிறு டேப் துண்டுகளால் குறித்துவிடுங்கள். மணியையும் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் பூண்டு ஊறுகாய் போட்டால் அதே இடத்தில், அதே நேரத்தில் எடுக்கலாம். பட்டியலில் இரண்டு பாட்டிலும் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில் நிற்கும்.