ஒரே ஆர்டர், நான்கு லோடு

ஒரு கொள்முதல் ஆர்டரில் எழுதிய சரக்கு முழுவதும் ஒரே வண்டியில் வந்து இறங்குவது அபூர்வம். மில்லில் உற்பத்தி ஆக ஆகத்தான் சரக்கு கிளம்பும். வண்டியில் இடம் இருக்கிற அளவுதான் ஏறும். வாங்குகிறவரே கூட, இடவசதியையும் பணவசதியையும் பார்த்து, பாகம் பாகமாக அனுப்பச் சொல்வதுண்டு. இப்படிப் பிரிந்து வரும்போது, "இன்னும் எவ்வளவு வரவேண்டும்?" என்ற கேள்விக்கு எந்த நாளில் கேட்டாலும் சரியான விடை இருக்க வேண்டும். அந்த விடைதான் ஆர்டர் நிலுவை. ஆர்டர் அளவிலிருந்து வந்ததைக் கழித்தால் போதும் என்று தோன்றும். ஆனால் "வந்தது" என்று எதைக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் பெரும்பாலான கணக்குகள் தடுக்கி விழுகின்றன.

திருப்பூரில் டி-ஷர்ட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். அது ஒரு நூல் மில்லுக்கு 30-ஆம் நம்பர் பருத்தி நூல் 6,000 கிலோ ஆர்டர் போடுகிறது. மூட்டைக்கு 60 கிலோ என்றால் 100 மூட்டை. நூல் முழுவதும் ஒரே லாட்டாக இருக்க வேண்டும், பாகமாக அனுப்பலாம் என்று ஆர்டரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாகமாக அனுப்பலாம் என்பதை எழுத்தில் வைப்பது வீண்வேலை அல்ல. வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, தவணை தவணையாக வரும் சரக்கை வாங்குகிறவர் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 38-ஆம் பிரிவு.

முதல் லோடில் 40 மூட்டை, 2,400 கிலோ. இது நிறுவனத்தின் குடோனுக்கு வரவில்லை. திருப்பூர் வழக்கப்படி மில்லிலிருந்து நேராக நிட்டிங் யூனிட்டில் இறங்கியது. இங்கேயே முதல் பிசகுக்கு இடமிருக்கிறது. சரக்கு நிறுவனத்தின் கேட்டைத் தாண்டாததால், கேட் பதிவு இருக்காது. ஸ்டோர்ஸில் இருப்பவர் கண்ணில் ஒரு மூட்டையும் படாது. நிட்டிங்காரர் மூட்டையை எண்ணிக் கையெழுத்துப் போட்ட சலான் வந்து சேர்ந்தால்தான் வரவு எழுத முடியும். அது நான்கு நாள் தாமதமானால், அந்த நான்கு நாளும் நிலுவை 6,000 கிலோ என்றே காட்டும். அதை நம்பி மில்லுக்குப் போன் போட்டு அவசரப்படுத்துவதும் நடக்கிறது. சலான் வந்து வரவு ஏறிய பின் நிலுவை 3,600 கிலோ.

இரண்டாவது லோடுக்கு மில் போட்ட இன்வாய்ஸ் 30 மூட்டை, 1,800 கிலோ. இறக்கி எண்ணினால் 29 மூட்டைதான். லாரி டிரைவர் முன்னிலையில் சலானிலேயே "29 மூட்டை பெறப்பட்டது, 1 குறைவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. இப்போது வரவில் எழுத வேண்டியது 1,740 கிலோ. இன்வாய்ஸில் உள்ள 1,800 அல்ல. பல இடங்களில் இன்வாய்ஸைப் பார்த்தே வரவை அடிக்கிறார்கள். கணினித் திரையும் ஆர்டர் அளவையோ பில் அளவையோ தானாகவே நிரப்பிக் காட்டும். என்டர் தட்டினால் வேலை முடிந்தது. அந்த ஒரு தட்டலில் 60 கிலோ நூல் காகிதத்தில் வந்துவிடும், ஸ்டோர்ஸில் இருக்காது. சரியாக எழுதினால் நிலுவை 1,860.

ஆகவே ஒவ்வொரு ஆர்டர் வரிக்கும் இரண்டு தனித்தனி ஓட்டங்கள் தேவை. ஒன்று, கையால் எண்ணி வாங்கிய அளவு. மற்றது, மில் பில் போட்ட அளவு. முதல் லோடு முடிந்தபோது இரண்டும் 2,400. இரண்டாவது முடிந்தபோது வந்தது 4,140, பில் ஆனது 4,200. இந்த 60 கிலோ வித்தியாசம் தவறல்ல, தகவல். மில்லிடமிருந்து ஒரு மூட்டை வரவேண்டும், அல்லது அதற்குரிய கிரெடிட் நோட் வரவேண்டும் என்று அது சொல்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் குழைத்துவிட்டால் அந்தத் தகவல் மறைந்துபோகும். வரி விஷயத்திலும் இது முக்கியம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, கைக்கு வந்து சேர்ந்த சரக்குக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம்.

அடுத்த வாரம் நிட்டிங் யூனிட்டிலிருந்து ஒரு செய்தி. முதல் லோடில் 5 மூட்டைகளின் லேபிளில் லாட் எண் வேறு. லாட் மாறிய நூலைக் கலந்து பின்னினால், சாயம் ஏற்றியபின் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். எனவே 300 கிலோவைப் பிரித்து மில்லுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். இப்போது நிலுவை என்ன ஆகும்? இதற்கு ஒரே விடை கிடையாது. திருப்பியதற்குப் பதில் அதே ஆர்டரில் வேறு நூல் வேண்டுமென்றால் நிலுவை 300 கிலோ ஏற வேண்டும். பதில் வேண்டாம், பணத்தைக் கழித்தால் போதும் என்றால் ஏறக் கூடாது. திருப்பும் சீட்டிலேயே இந்த இரண்டில் எது என்று குறிக்காவிட்டால், மூன்று வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. நமது உதாரணத்தில் மாற்று நூல் தேவை. ஆகவே 1,860 கிலோ 2,160 ஆகிறது. வந்துகொண்டிருக்கும் ஆர்டரில் நிலுவை கூடுவதைப் பார்த்துச் சிலர் திகைத்து, கணினியில் ஏதோ கோளாறு என்று நினைப்பதுண்டு. கோளாறு எதுவும் இல்லை.

மூன்றாவது லோடுக்கு மில் 30 மூட்டைக்கு ஒரே இன்வாய்ஸ் போட்டது. ஆனால் 18 மூட்டை ஒரு வேனிலும், மீதி 12 மறுநாள் வேறு வேனிலும் வந்தன. இப்படி ஒரே விற்பனை பல வண்டிகளில் பிரிந்து போவதற்கு ஜி.எஸ்.டி. விதிகளில் 55(5) ஒரு முறை வகுத்திருக்கிறது. முதல் வண்டி கிளம்பும் முன்பே முழு அளவுக்கும் இன்வாய்ஸ் போட வேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அந்த இன்வாய்ஸ் எண்ணைச் சுட்டும் டெலிவரி சலான் வேண்டும். சான்றிட்ட இன்வாய்ஸ் நகலும் கூடவே வர வேண்டும். அசல் இன்வாய்ஸ் கடைசி வண்டியோடு வரும். வாங்குகிறவருக்கு, அந்தக் கடைசி வண்டி வந்து சேர்ந்த பிறகுதான் அந்த இன்வாய்ஸுக்கான வரி வரவு.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. குழப்பம் ஸ்டோர்ஸ் மேசையில் நேர்கிறது. முதல் வேனோடு வந்த நகலில் 30 மூட்டை என்று இருப்பதைப் பார்த்து 30-ஐயும் வரவு வைப்பார்கள். மறுநாள் 12 மூட்டை சலானோடு வரும். அதையும் தனியாக வரவு வைப்பார்கள். கணக்கில் 42 மூட்டை, 2,520 கிலோ. நிலுவை 2,160-லிருந்து கழிந்து மைனஸ் 360 என்று நிற்கும். மைனஸ் நிலுவை ஒருவகையில் நல்லதுதான், தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. அளவு தாண்டினால் வரவை ஏற்காதபடி கணினியில் பூட்டுப் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆபத்தானது, ஆர்டரின் நடுவில் இதே தவறு நிகழ்ந்து, நிலுவை இன்னும் பிளஸ்ஸிலேயே இருப்பது. அப்போது எந்த மணியும் அடிக்காது. தப்பிக்க வழி, வரவைப் பில்லுக்கு ஒன்றாக எழுதாமல் வண்டிக்கு ஒன்றாக எழுதுவது: முதல் வேனுக்கு 18, இரண்டாவதற்கு 12. சரியாக எழுதிய கணக்கில் நிலுவை 360 கிலோ, அதாவது 6 மூட்டை.

இப்போது மில்லின் கணக்கைப் பார்க்கலாம். அவர்கள் 2,400, 1,800, 1,800 என்று பில் போட்டிருக்கிறார்கள். கூட்டினால் 6,000. அவர்களைப் பொறுத்தவரை ஆர்டர் முடிந்தது. "பேலன்ஸ் அனுப்பியாயிற்று" என்று சொல்வார்கள், அது பொய்யும் அல்ல. வாங்கியவரின் ஸ்டோர்ஸும் பில்லைப் பார்த்து வரவெழுதி, திருப்பியதை நிலுவையில் ஏற்றாமல் விட்டிருந்தால், இங்கேயும் நிலுவை பூஜ்யம் என்றே காட்டும். இரு தரப்புக் கணக்கும் கச்சிதமாக ஒத்துப்போகும். நூல் மட்டும் 360 கிலோ குறையும். டி-ஷர்ட் ஒன்றுக்கு 200 கிராம் நூல் என்று வைத்தால் 1,800 டி-ஷர்ட். கட்டிங் டேபிளில் துணி தீர்ந்த பிறகே அது தெரியவரும். அந்த நேரத்தில் அதே லாட் நூல் கிடைப்பது சந்தேகம். இரு கணக்கும் ஒத்திருப்பதை மட்டும் வைத்து நிலுவை சரி என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஒப்பிட வேண்டியது, எண்ணிய மூட்டையோடு.

சரியான கணக்கு கையில் இருந்ததால், மில்லோடு பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு மூட்டை குறைவுக்கு டிரைவர் கையெழுத்திட்ட சலான், ஐந்து மூட்டைக்குத் திருப்பிய சீட்டு. மில் 360 கிலோவுக்குக் கிரெடிட் நோட் கொடுத்தது. பிறகு அதே லாட்டில் எஞ்சியிருந்த 5 மூட்டையை, 300 கிலோவை, புது இன்வாய்ஸில் அனுப்பியது. இந்த நான்காவது லோடில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: புது இன்வாய்ஸில் பழைய ஆர்டர் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் இல்லாத தனிக் கொள்முதலாக அது வரவாகும். பழைய ஆர்டரில் 360 கிலோ அப்படியே நிற்கும். நிலுவையை வைத்து அடுத்த கொள்முதலைத் திட்டமிடுகிறவர், வராத நூலை வரப்போவதாக எண்ணிக் குறைவாக வாங்குவார்.

மீதி 60 கிலோ. அந்த லாட் தீர்ந்துவிட்டது என்கிறது மில். வேறு லாட் ஒரு மூட்டையால் பயனில்லை. இனி வராது என்று தெரிந்த அளவை நிலுவையில் தொங்கவிடக் கூடாது. கொள்முதல் பிரிவு அதை "ஷார்ட் குளோஸ்" செய்ய வேண்டும்: எவ்வளவு, என்ன காரணம், எந்தத் தேதி, யார் அனுமதி என்பதோடு. சிலர் சுலபவழியாக ஆர்டர் அளவையே 5,940 என்று திருத்திவிடுவார்கள். நிலுவை பூஜ்யமாகும், உண்மைதான். ஆனால் மில் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தது என்ற தடயமும் கூடவே அழிந்துவிடும். அடுத்த ஆர்டர் பேசும்போது தேவைப்படுவதே அந்தத் தடயம்தான். ஆர்டர் அளவு 6,000 என்றே நிற்கட்டும்; மூடிய 60 தனிப் பத்தியில் இருக்கட்டும்.

ஆக, நிலுவை என்பது யாரும் நேரடியாக எழுதும் எண்ணாக இருக்கக் கூடாது. ஆர்டர் அளவிலிருந்து எண்ணி வாங்கியதைக் கழித்து, மாற்றுக்காகத் திருப்பியதைக் கூட்டி, மூடியதைக் கழித்தால் வருவது அது. இந்த ஆர்டரில் 6,000-லிருந்து 6,240 போய், 300 கூடி, 60 போனால் பூஜ்யம். நான்கு லோடிலும் எண்ணி இறக்கியது 6,240 கிலோ, திருப்பியது 300. நிறுவனத்திடம் தங்கியது 5,940. பில் பக்கம் 6,000-லிருந்து கிரெடிட் நோட் 360 கழிந்து, புது இன்வாய்ஸ் 300 சேர்ந்து, அதுவும் 5,940. இரண்டு ஓட்டங்களும் ஒரே எண்ணில் வந்து நின்ற பிறகுதான் கணக்குப் பிரிவு மில்லின் கடைசிப் பாக்கியைக் கொடுக்கலாம்.