4131 எந்த நாட்டு எண்?

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடை. ஆப்பிள் வாங்க வந்த பெண்மணி ஒரு பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நாலுல ஆரம்பிக்குது. அமெரிக்கா ஆப்பிள்தானே?" என்றார். கடைக்காரரும் "ஆமாக்கா, ஸ்டிக்கரைப் பாருங்க, தெரியும்ல" என்றார். இருவரும் மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் ஸ்டிக்கரில் இருந்த 4131 என்ற எண்ணுக்கும் அமெரிக்காவுக்கும் சம்பந்தமில்லை. வேறு எந்த நாட்டுக்கும் சம்பந்தமில்லை.

அந்த எண் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்காகப் பிறந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பழம் உதிரியாக வரும். சோப்புக் கட்டியைப் போல அதற்கு உறை இல்லை, பார்கோடு இல்லை. பில் போடும் பிள்ளைக்கு ஃபுஜி ஆப்பிளும் காலா ஆப்பிளும் ஒன்றுபோலத்தான் தெரியும், விலையோ வேறு வேறு. எனவே 1990 முதல் பழத்தின் மேலேயே நாலு இலக்க எண் ஒன்றை ஒட்டத் தொடங்கினார்கள். பழத்தைத் தராசில் வைத்து எண்ணைத் தட்டினால் அன்றைய கிலோ விலையை இயந்திரமே எடுத்துக்கொள்ளும். விலையைத் தேடித் தரும் எண் என்பதால் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பிஎல்யு என்கிறார்கள். விளைபொருள் தரங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு இந்தப் பட்டியலைப் பராமரிக்கிறது. என்ன பழம், என்ன ரகம், சில பழங்களில் என்ன அளவு, எந்த முறையில் விளைந்தது என்பவைதான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாடு என்றொரு பத்தியே அதில் கிடையாது.

ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு வாழைப்பழமே நல்ல சாட்சி. கடைகளில் பார்க்கும் நீண்ட மஞ்சள் கேவண்டிஷ் பழத்தின் எண் 4011. ஈக்வடாரில் விளைந்தாலும் பிலிப்பைன்ஸில் விளைந்தாலும் அதே எண்தான். நமக்குப் பக்கத்தில் தேனி மாவட்டத்தில் விளையும் ஜி9 கப்பலேறினாலும் அதற்கும் 4011தான். ஒரு சூப்பர் மார்க்கெட் இந்த மாதம் ஒரு நாட்டிலிருந்து வாங்கும், அடுத்த மாதம் வேறு நாட்டிலிருந்து வாங்கும். ஆப்பிளில் இது இன்னும் அதிகம். வடக்கே ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அறுவடை என்றால், நியூசிலாந்திலும் சிலியிலும் பிப்ரவரியில் தொடங்கும். நாட்டுக்கு நாடு எண் மாறினால் பில் போடுபவர் மாதாமாதம் புதுப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் கையில் இருப்பது வாழைப்பழம் என்று தெரிந்தால் கல்லாவுக்குப் போதும்.

இதை நம் நாட்டு நடப்பிலேயே பார்க்கலாம். 2017இல் சீன ஆப்பிள் இறக்குமதியை இந்தியா நிறுத்தியது. பூச்சியும் நோயும் சரக்கோடு உள்ளே வந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம். அதற்கு முன் நம் ஊர்க் கடைகளில் ஃபுஜி என்றால் பெரும்பாலும் சீனப் பழம். 4131 என்பது ஃபுஜி ரகத்தின் பெரிய அளவு பழத்துக்கான எண். தடைக்கு முன் வந்த சீன ஃபுஜிக்கும் அதுதான் எண், இன்று வேறொரு நாட்டிலிருந்து வரும் ஃபுஜிக்கும் அதுதான் எண். அரசே ஒரு நாட்டின் பழத்தைத் தடுத்த பிறகும் அந்த எண்ணில் ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

அப்படியானால் 4131 என்னதான் சொல்கிறது? ஃபுஜியில் சின்னப் பழத்துக்கு 4129, பெரிய பழத்துக்கு 4131. எல்லைக்கோடு ஏறத்தாழ 205 கிராம். இறக்குமதி ஆப்பிள் வழக்கமாக 18 கிலோ பெட்டியில் வரும். பெட்டியின் பக்கத்தில் 80, 100, 113 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் பழங்களின் எண்ணிக்கை. 80 பழம் என்றால் ஒரு பழம் 225 கிராம், எனவே 4131. 100 பழம் என்றால் 180 கிராம், எனவே 4129. கடைத் தராசில் ஒரு பழத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். 4131 ஒட்டிய பழம் 150 கிராம்தான் இருந்தால், ஸ்டிக்கரும் பழமும் ஒரே இடத்திலிருந்து வந்தவையா என்று சந்தேகப்படலாம். பத்திருபது கிராம் வித்தியாசத்துக்குச் சந்தேகம் வேண்டாம், பழம் வைத்திருக்கும்போது நீர் வற்றி எடை குறையும்.

சந்தேகத்துக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. இந்த எண்ணை ஒட்டவேண்டும் என்று கட்டாயமும் இல்லை, ஒட்டியது சரியா என்று பார்ப்பாரும் இல்லை. தள்ளுவண்டியிலும் சந்தைக் கடையிலும் யாரும் எண்ணைத் தட்டி பில் போடுவதில்லை. அங்கே ஸ்டிக்கர் வெறும் பளபளப்பு. நம் ஊரில் பழத்தை உசத்தியாகக் காட்டவும், சில நேரம் அடிபட்ட இடத்தை மறைக்கவும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்தது. ஸ்டிக்கரை உரித்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, எண்ணைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு பாடம்: நாலில் தொடங்கினால் மருந்தடித்தது, எட்டில் தொடங்கினால் மரபணு மாற்றியது, ஒன்பதில் தொடங்கினால் இயற்கை விளைச்சல். இதில் கடைசிப் பகுதி மட்டும் பாதி உண்மை. நாலு இலக்க எண்ணுக்கு முன்னால் 9 சேர்த்து ஐந்து இலக்கமாக்கினால் இயற்கை விளைச்சல் என்பது ஏற்பாடு, வாழைக்கு 94011. ஆனால் அது ஒட்டியவரின் சொல், சான்றிதழ் அல்ல. இந்தியாவில் அதற்கு இயற்கை விளைச்சலுக்கான அதிகாரபூர்வ முத்திரையைத்தான் தேட வேண்டும். 8 ஒரு காலத்தில் மரபணு மாற்றிய பழத்துக்கென ஒதுக்கப்பட்டது, ஆனால் கடைகளில் அப்படிப் பயன்பட்டதே இல்லை. பிறகு அந்த ஒதுக்கீட்டையும் எடுத்துவிட்டார்கள். வெறும் 4 என்பது சாதாரணச் சாகுபடி. எவ்வளவு மருந்து அடித்தார்கள் என்பதை எந்த இலக்கமும் சொல்லாது.

நாட்டு எண் என்ற நம்பிக்கை பார்கோடிலிருந்து தொற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பொட்டலங்களில் கோடுகளுக்குக் கீழே உள்ள 13 இலக்கங்களில் முதல் மூன்று 890 என்றால் இந்தியா என்பார்கள். அதுவும் விளைந்த நாடு அல்ல. ஒரு நிறுவனம் இந்தியாவிலுள்ள ஜிஎஸ்1 அலுவலகத்தில் எண் வாங்கியிருக்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். சிலியில் பறித்த திராட்சையை மும்பை வியாபாரி தன் டப்பாவில் அடைத்து விற்றால் அதில் 890 இருக்கலாம்.

பிறகு நாட்டை எங்கே தேடுவது? எழுத்தில் தேட வேண்டும். அடைத்து விற்கும் இறக்குமதிப் பொருளில் விளைந்த நாட்டின் பெயரும் இறக்குமதியாளர் பெயரும் இருக்க வேண்டும் என்பது சட்டம். உதிரிப் பழத்தில் அந்த வசதி இல்லை. சில ஸ்டிக்கர்களில் எண்ணுக்கு மேலேயோ கீழேயோ சின்ன எழுத்தில் நாட்டின் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். இல்லையென்றால் பெட்டியைக் கேளுங்கள். நாடு, ரகம், தரம், பழ எண்ணிக்கை, அடைத்தவர் விவரம் எல்லாம் பெட்டியின் பக்கவாட்டில்தான் இருக்கும். ஆனால் காலிப் பெட்டிகளைத் திரும்பப் பயன்படுத்துவது நம் சந்தைகளின் வழக்கம். காஷ்மீர்ப் பழம் வெளிநாட்டுப் பெட்டியில் உட்கார்ந்திருக்கலாம். அதனால் கடைக்காரர் நாடாவைப் பிரிக்கும் புதுப் பெட்டியாக இருந்தால், அதிலிருந்து முதல் பழத்தை எடுத்து, ரகத்தையும் எடையையும் பெட்டியில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிறுமலை வாழைப்பழத்தில் ஸ்டிக்கரும் இல்லை, எண்ணும் இல்லை. எந்த ஊரில் விளைந்தது என்பதற்காகவே அதற்குப் புவிசார் குறியீடு தரப்பட்டிருக்கிறது. பிஎல்யு எண் பதில் சொல்லாத கேள்வி அது.