யப்பானிலிருந்து வந்த வாழ்த்து மடலுக்கு ஒரு பதில்

பயிற்சிநெறியொன்றுக்காக யப்பான் சென்றிருந்த என் சித்தியின் மகள், அங்கு ஒரு குடும்பத்தாரின் வீட்டில் இரண்டு நாள் விருந்தாளியாகத் தங்கியிருந்தாள். அவள் ஊர் திரும்பிய பின், ஜனவரி நடுப்பகுதியில், அந்த வீட்டு அம்மா கைப்பட எழுதிய புதுவருட வாழ்த்துத் தபாலட்டை வந்து சேர்ந்தது. அம்மொழி தெரிந்த ஒருவர் அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கித் தந்தார்.

“சென்ற வருடம் உங்கள் பராமரிப்பில் இருந்தோம். இவ்வருடமும் தயவு காட்டுங்கள். மறுபடியும் விளையாட வாருங்கள். நீங்கள் சமைத்த பருப்புக்கறியை மகன் இன்னும் கேட்கிறான்.”

தங்கை குழம்பிப் போனாள். “அக்கா, சமைச்சுத் தந்து என்னைப் பார்த்தவ அவதானே! நான் எப்பிடி அவவைப் பராமரிச்சன்? ஏதும் உதவி கேக்கிறாவோ?”

அப்படியொன்றும் இல்லை. முதல் இரு வாக்கியங்களும் யப்பானியர் புதுவருட அட்டைகளில் வழமையாக எழுதுபவை. உதவி செய்தவரும் பெற்றவரும் ஒருவருக்கொருவர் அவ்வாறே எழுதுவர். நாம் வழியில் கண்டவரிடம் “எங்கை, தூரமோ?” என்று கேட்பது பயண விபரம் அறிவதற்கா? ‘விளையாட வாருங்கள்’ என்பதும் ‘வீட்டுக்கு வந்து போங்கள்’ என்ற பொருளில் பெரியவர்களுக்கும் சொல்வதுதான். “நான் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று மறுத்து எழுதினால் அந்த அம்மாதான் சங்கடப்படுவார். “நான்தான் உங்கள் பராமரிப்பில் இருந்தேன்” என்று திருப்பிச் சொல்வதே அவர்களுடைய முறை.

நான்காவது வரி மட்டும் வழமையானதல்ல. அது இவளுக்கென்றே எழுதப்பட்டது. ஆகவே பதிலும் அதனைத் தொட்டே அமைய வேண்டும்.

காலத்தையும் கவனித்தோம். புதுவருட வாழ்த்துக்குப் பதில் வாழ்த்து, பெரும்பாலான இடங்களில் ஜனவரி 7ஆம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். அது தவறினால் பெப்ரவரி 4ஆம் திகதியளவு வரை குளிர்கால நலம் விசாரிக்கும் மடல் அனுப்புவார்கள். அதில் ‘புதுவருட வாழ்த்து’ என்று எழுதுவதில்லை. எங்கள் கடிதம் ஜனவரி 7இற்குள் சேர வாய்ப்பில்லாததால் நலம் விசாரித்தே தொடங்கினோம். மேசையில் கிடந்த சிவப்புப் பேனையையும் விலக்கி வைத்தோம். அங்கே சிவப்பு மையில் கடிதம் எழுதுவது மரியாதையல்ல.

தங்கை எழுதியது இவ்வளவுதான்:

“அன்புள்ள அம்மா, அங்கு குளிர் கடுமையாக இருக்கும். எல்லோரும் நலமா? உங்கள் மடல் கிடைத்தது, மிக்க நன்றி. சென்ற வருடம் உங்கள் பராமரிப்பில் இருந்தது நான்தான். இரவில் நீங்கள் எழுந்து வந்து எனக்கு இன்னொரு போர்வை போட்டதை என் அம்மாவிடம் சொன்னேன். தம்பிக்குப் பருப்புக்கறி செய்யும் முறையை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். மிளகாயைப் பாதியாகக் குறைத்துள்ளேன். உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.”

மொழிபெயர்ப்பவருக்கு இலகுவாயிருக்கட்டும் என்று வாக்கியங்களைச் சிறிதாகவே வைத்தாள். அடியில் ‘அரிகத்தோ கொசாய்மஷித்தா’ என்று அவர்கள் மொழியிலேயே நன்றி சொல்லி முடித்தாள். நடந்து முடிந்த உபசரிப்புக்குச் சொல்லும் நன்றி அது.