ஆகஸ்டு ஐந்தா, மே எட்டா?

நகைக்கடன் கொடுக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நாலைந்து கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் அன்றன்று கொடுத்த கடன்களின் விவரம் ஒரு ஃபைலாகச் சேர்ந்து, ராத்திரி கடை மூடிய பிறகு தலைமை அலுவலக சர்வரில் ஏறுகிறது. ரசீது எண், பெயர், எடை, தொகை, கடன் தேதி. தேதி நம் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இருக்கிறது. 2024 ஆகஸ்டு 1 முதல் புது சர்வர் வேலைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் பன்னிரண்டு நாள் ஒரு சிக்கலும் இல்லை. 13-ஆம் தேதி ராத்திரி ஃபைல் ஏறவில்லை. மறுநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து போன் போகிறது: "சார், நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்குத்தான் ஏதோ கெட்டுப்போச்சு."

இந்த வாக்கியத்தில் ஒன்று கூடச் சரியில்லை. முதல் நாளிலிருந்தே கெட்டுப்போயிருக்கிறது. 13-ஆம் தேதிதான் சர்வர் முதல்முறையாக உண்மையைச் சொன்னது.

நடந்தது இதுதான். புது சர்வரில் நிறுவியிருப்பது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர். அதை நிறுவும்போது யாரும் எதையும் மாற்றாவிட்டால் அதன் மொழி பெரும்பாலும் `us_english` என்று அமைந்துவிடும். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னே எழுதுகிறவர்கள். ஆகவே 05/08/2024 என்று ஃபைலில் இருந்தால் அந்த சர்வருக்கு அது மே 8. நமக்கு அது ஆகஸ்டு 5. சந்தேகமிருப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம்:

```sql
SET DATEFORMAT mdy;
SELECT CAST('05/08/2024' AS date);   -- 2024-05-08
SET DATEFORMAT dmy;
SELECT CAST('05/08/2024' AS date);   -- 2024-08-05
```

எழுத்து ஒன்றுதான், விடை இரண்டு. சர்வர் எந்த நேரத்திலும் தவறு செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். அதற்குச் சொல்லப்பட்ட வரிசையில் படித்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஆகஸ்டு மாதத்தை நாள் நாளாகப் பிரித்துப் பார்ப்போம். 1-ஆம் தேதி கொடுத்த கடன்கள் ஜனவரி 8 என்று பதிவாகின. 2-ஆம் தேதிக் கடன்கள் பிப்ரவரி 8. இப்படியே 7-ஆம் தேதிக் கடன்கள் ஜூலை 8. எட்டாம் தேதி மட்டும் தப்பியது. எட்டாம் மாதம் எட்டாம் தேதியை எப்படித் திருப்பிப் போட்டாலும் எட்டாம் மாதம் எட்டாம் தேதிதானே! அடுத்த நாலு நாள் வருங்காலத்துக்குப் போய்விட்டது: 9-ஆம் தேதிக் கடன் செப்டம்பர் 8, 12-ஆம் தேதிக் கடன் டிசம்பர் 8. பதின்மூன்றாம் தேதிக்கு வரும்போது 13/08/2024 என்பதை மாதம் முன்னாகப் படித்த சர்வர், பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது என்று திருப்பி அனுப்பியது.

வருடம் முழுவதற்கும் கணக்குப் போட்டால், நாள் எண் 12-க்குள் இருக்கும் தேதிகள் 144. அவற்றில் நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் 12 தேதிகளால் ஆபத்தில்லை. மிச்சம் 132 தேதிகள் சத்தமே இல்லாமல் தப்பாக ஏறும். 12-க்கு மேற்பட்ட நாட்கள் சாதாரண வருடத்தில் 221. அவை பிழை காட்டி நின்றுவிடும். நின்றுபோகிற 221-ஐப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். பணத்தைத் தின்பது அந்த 132.

எவ்வளவு தின்னும்? ஆகஸ்டு 5 அன்று ஒரு லட்ச ரூபாய் நகைக்கடன், வருட வட்டி 12 சதவீதம். மே 8 என்று பதிவானால் 89 நாள் கூடுதல். தனிவட்டிக்கே 2,926 ரூபாய், வாங்காத நாட்களுக்கு. ஆகஸ்டு 1 கடனாக இருந்தால் 206 நாள், 6,772 ரூபாய்க்கு மேல். பணத்தை விட மோசமானது ஏல நோட்டீஸ். ஒரு வருடத் தவணை என்றால், ஜனவரி 8 என்று பதிவான அந்தக் கடனுக்கு ஏறத்தாழ ஏழு மாதம் முந்தியே நோட்டீஸ் அச்சாகிவிடும். மறுபக்கம், ஆகஸ்டு 12 அன்று அடகு வைத்தவர் நவம்பரில் மீட்க வந்தால் கடனே இன்னும் பிறக்கவில்லை என்று கணினி சொல்லும். வட்டி சுழியம் என்றோ, மைனஸ் என்றோ காட்டும். இந்தப் பக்கத்துத் தப்பை எந்த வாடிக்கையாளரும் புகாராகக் கொண்டுவரப் போவதில்லை.

சரி, இதைச் சோதனையின்போதே கண்டுபிடித்திருக்கக் கூடாதா? அங்கேதான் எஸ்க்யூஎல் சர்வரின் ஒரு குணம் காலை வாரிவிடுகிறது. தேதி வரிசையை முடிவு செய்வது சர்வர் மட்டுமல்ல, யார் பெயரில் உள்ளே நுழைகிறோம் என்பதும்தான். ஒவ்வொரு லாகினுக்கும் தனி மொழி உண்டு. மென்பொருள் எழுதியவரின் லாகின் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருந்தால் அவர் ஏற்றும்போது எல்லாம் சரியாக விழும். ராத்திரி தானாக ஓடும் வேலைக்கு வேறு லாகின், அதற்கு அமெரிக்க ஆங்கிலம். "என் மெஷின்ல சரியாத்தானே வருது" என்று அவர் சொல்வது பொய்யில்லை. `DBCC USEROPTIONS` என்று கொடுத்தால் அந்த நேரத்து லாகினுக்கு எந்த வரிசை என்பது `dateformat` என்ற வரியில் தெரியும். ராத்திரி வேலை எந்த லாகினில் ஓடுகிறதோ அதே லாகினில் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் இதே மாதிரி `DateStyle` என்ற அமைப்பு இருக்கிறது. யாரும் தொடாவிட்டால் அதுவும் பெரும்பாலும் மாதத்தைத்தான் முன்னே எதிர்பார்க்கும்.

14-ஆம் தேதிக் காலைக்குத் திரும்புவோம். அவசரத்தில் பலர் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு: மாதம் 12-ஐத் தாண்டினால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிக்கொள் என்று நிரலில் ஒரு வரி சேர்ப்பது. ஃபைல் ஏறிவிடும், போனும் நின்றுவிடும். ஆனால் இதைவிடக் கெட்ட திருத்தம் இருக்க முடியாது. பிழை காட்டிக்கொண்டிருந்த ஒரே வாயையும் அடைத்தாயிற்று. அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் 12 வரை மறுபடி தப்பாக ஏறும், 13 முதல் சரியாக ஏறும், யாருக்கும் தெரியாது. சில நிரல் தொகுப்புகள் இந்த வேலையைக் கேட்காமலேயே செய்கின்றன. பைத்தான் மொழியின் `dateutil` அப்படித்தான்: மாதத்தை முன்னாகக் கொண்டு படிக்கும், முடியாவிட்டால் சொல்லாமல் திருப்பிப் போட்டுப் படிக்கும். `pandas` தொகுப்பும் 2023-இல் வந்த 2.0 பதிப்புக்கு முன்புவரை ஒரே பத்தியில் சில தேதிகளை ஒரு மாதிரியும் சில தேதிகளை வேறு மாதிரியும் படிக்கக்கூடியதாக இருந்தது.

சரியான திருத்தம் கொஞ்சம் நீளமானது, ஆனால் கடினமில்லை. வந்த ஃபைலைத் தேதியாக மாற்றாமல், வெறும் எழுத்தாகவே ஒரு தற்காலிக அட்டவணையில் ஏற்ற வேண்டும். பிறகு வரிசையை நாமே சொல்லி மாற்ற வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் 103 என்ற எண்ணுக்கு நாள், மாதம், வருடம் என்று பொருள்:

```sql
SELECT receipt_no, loan_date_text,
       TRY_CONVERT(date, loan_date_text, 103) AS loan_date
FROM loan_staging;
```

மாற்ற முடியாத தேதி இருந்தால் `NULL` என்று வரும். அப்படி ஒரு வரி வந்தாலும் அன்றைய ஃபைலை ஏற்றாமல் நிறுத்தி, அனுப்பியவரைக் கேட்பதுதான் நியாயம். லாகின் எந்த மொழியில் இருந்தாலும் இந்த முறையில் விடை மாறாது.

வருடத்தை முன்னே போட்டு 2024-08-05 என்று வாங்கினால் போதாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஐஎஸ்ஓ 8601 சொல்லும் வடிவம்தான் அது, பெரும்பாலான இடங்களில் போதும். ஆனால் எஸ்க்யூஎல் சர்வரின் பழைய `datetime` வகைப் பத்தியில், லாகின் பிரிட்டிஷ் மொழியில் இருந்தால், அதைக்கூட வருடம், நாள், மாதம் என்று படித்து மே 8 ஆக்கிவிடும். 2008-இல் வந்த `date` வகைக்கு இந்தக் கோளாறு இல்லை. பழைய பத்திகளோடு காலம் தள்ளுகிறவர்கள் கோடே இல்லாமல் `20240805` என்று வாங்குவது நல்லது. அதை எந்த லாகினும் மாற்றிப் படிக்காது.

ஏற்கெனவே ஏறிப்போனதை என்ன செய்வது? முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கடன் தேதிகளின் நாள் எண்ணை மட்டும் எடுத்து எண்ணிப் பாருங்கள். நம் ஆகஸ்டு ஃபைல்களில் முதல் பன்னிரண்டு நாளும் பன்னிரண்டு மாதங்களின் எட்டாம் தேதியில் போய்க் குவிந்திருக்கும். உண்மையான வியாபாரம் அப்படி நடக்காது. இன்றைக்குப் பிந்திய தேதியில் கடன் இருந்தால் அது அடுத்த சாட்சி. மூன்றாவது சாட்சி ரசீது எண். எண் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும்போது தேதி மட்டும் ஜனவரிக்கும் டிசம்பருக்கும் தாவினால், தாவிய இடம்தான் புண்.

கண்டுபிடித்த கையோடு, 12-க்குள் இருக்கும் நாட்களையெல்லாம் மொத்தமாகத் திருப்பிப்போடும் கட்டளையை ஓட்டிவிடக் கூடாது. கிளையில் யாரோ திரையில் நேரடியாகத் தட்டிய கடன்களும் அதே அட்டவணையில் சரியான தேதியோடு இருக்கலாம், அவையும் சேர்ந்து கெடும். பழைய சர்வரிலிருந்து கொண்டுவந்த கடன்களுக்கும் அதே கதிதான். கிளைகள் அனுப்பிய அசல் ஃபைலை எடுத்து, ரசீது எண் வாரியாகப் பொருத்தி, வேறுபடும் தேதியை மட்டும் திருத்துவதே வழி. அசல் ஃபைல் என்றால் அசல். அமெரிக்க அமைப்பிலுள்ள கணினியில் எக்செலில் திறந்து, எக்செல் ஃபைலாகவே சேமித்த பிரதி உதவாது. எக்செல் 01/08/2024-ஐ ஜனவரி 8 என்று எடுத்துக்கொண்டு, உள்ளே 45299 என்ற எண்ணாக மாற்றி வைத்துவிடும். ஆகஸ்டு 1-க்கு உரிய எண் 45505. திறந்து பார்க்கும்போதே இது தெரியும்: 1 முதல் 12 வரையுள்ள தேதிகள் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டியும், 13-லிருந்து இடது ஓரம் ஒட்டியும் நிற்கும். வலது என்றால் தேதியாக எடுத்துக்கொண்டது, இடது என்றால் எடுத்துக்கொள்ள முடியாமல் எழுத்தாகவே விட்டது.

கடன் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. அடகுக் கடை கொடுத்த காகித ரசீதின் தேதியையும், போனுக்கு வரும் குறுஞ்செய்தியின் தேதியையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். நாளும் மாதமும் இடம் மாறியிருந்தால் வட்டி கட்டுவதற்கு முன் ரசீதைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தைக் கடன் தீரும்வரை தொலைத்துவிடாதீர்கள்.