யாரும் எடுக்காத ஸ்கிரீன்ஷாட்

ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, திரையின் அடியிலிருந்து விரலை மேலே இழுத்துப் பிடிக்கிறோம். திறந்துவைத்த செயலிகளெல்லாம் அட்டைகளாக வரிசைகட்டி வரும். அந்த அட்டையில் தெரிவது செயலியின் சின்னமல்ல, நாம் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த திரையின் படம். செயலியை விட்டு வெளியேறும்போது போன் தானாக எடுத்துவைத்துக்கொள்ளும் படம் அது. நாம் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை, கேலரியிலும் அது இருக்காது.

ஒரு பரிசோதனைக்கூடத்தின் செயலியை எண்ணிக்கொள்வோம். கர்ப்பப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. இன்னும் வீட்டில் சொல்லவில்லை. முடிவைப் பார்த்துவிட்டு, போன் வந்ததால் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுகிறார் அந்தப் பெண். சற்றுக் கழித்து நாத்தனார், "கொஞ்சம் போனைக் குடு, யூடியூப் பார்க்கணும்" என்று வாங்கி, செயலிகளைத் தள்ளித் தள்ளித் தேடுகிறார். ஹேக்கர் யாருமில்லை, வைரஸும் இல்லை. ஒரே போனைப் பலர் கையாளும் நம் வீடுகளில் மருத்துவச் செய்தி கசிவதற்கு இதுவே போதும்.

இதைத் தடுக்க ஆண்ட்ராய்டில் ஒரு கொடி இருக்கிறது. அதன் பெயர் FLAG_SECURE. செயலியை எழுதுபவர் முடிவுத் திரை தொடங்கும் இடத்தில், திரையின் உள்ளடக்கத்தை வைப்பதற்கு முன்பே, இவ்வளவு எழுதினால் போதும்:

```kotlin
window.setFlags(
    WindowManager.LayoutParams.FLAG_SECURE,
    WindowManager.LayoutParams.FLAG_SECURE
)
```

இந்தக் கொடி உள்ள ஜன்னலை போனின் சொந்தத் திரையில் மட்டுமே காட்டு, வேறு எங்கும் அதன் படத்தைத் தராதே என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்கிறோம். அதன் பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் பார்த்தால் போன் மறுத்துவிடும். திரையைப் பதிவு செய்தாலோ டிவிக்கு அனுப்பினாலோ அந்த இடம் கறுப்பாக வரும். செயலி அட்டையிலும் படத்துக்குப் பதில் வெற்றுப்பரப்புதான். வங்கிச் செயலிகளில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தச் சில வரிகள்தான்.

'ஜன்னல்' என்று மேலே சொன்னது வெறும் பேச்சுவழக்கல்ல. ஓட்டைகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. கண்ணுக்கு ஒரே திரையாகத் தெரிவது ஆண்ட்ராய்டுக்குப் பல ஜன்னல்களாக இருக்கலாம். பரிசோதனைச் செயலியில் முடிவுக்குப் பக்கத்தில் 'இதன் பொருள் என்ன?' என்றொரு பொத்தான் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்தினால் நடுவில் ஒரு பெட்டி திறந்து, 'உங்கள் அளவு இவ்வளவு, இது கர்ப்பத்தைக் காட்டுகிறது' என்று விளக்குகிறது. அந்தப் பெட்டி தனி ஜன்னல். பின்னாலுள்ள திரைக்குப் போட்ட கொடி ஆண்ட்ராய்டின் வழக்கமான பெட்டிகளுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளாது. கீழே விரியும் பட்டியல்களுக்கும் தட்டச்சு செய்யும்போது எழும் பரிந்துரைப் பட்டைகளுக்கும் இதே கதைதான். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடி போட வேண்டும்.

செயலியைச் சோதிப்பவர்கள் இதைத் தவறவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. பெட்டி திறந்திருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் பொத்தான்களை அழுத்திப் பார்க்கிறார்கள். பின்னால் கொடி போட்ட ஜன்னலும் கண்ணில் படுவதால் போன் மொத்தமாக மறுத்துவிடுகிறது. 'சரியாக இருக்கிறது' என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். அதே திரையை போனிலேயே உள்ள திரைப்பதிவு வசதியால் ஒரு நிமிடம் பதிவு செய்து, எல்லாப் பொத்தான்களையும் திறந்து மூடிவிட்டு ஓட்டிப் பார்த்திருந்தால் கதை தெரிந்திருக்கும். பின்னணி முழுக்கக் கறுப்பு, நடுவில் விளக்கப் பெட்டி மட்டும் எழுத்துப் பிசகாமல். எந்த எண்ணை மறைக்க இவ்வளவு பாடுபட்டோமோ அது அங்கே பளிச்சென்று இருக்கும். என்னைக் கேட்டால் இந்த ஒரு நிமிடப் பதிவை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் கட்டாயமாக்குவேன். அதுவும் பயனர்களுக்குப் போகும் இறுதிப் பதிப்பில்தான் செய்ய வேண்டும். பிழைகளைப் படமெடுத்துக் குழுவில் பகிர வசதியாக, உள்வேலைப் பதிப்பில் கொடியை எடுத்துவிடுவது வழக்கம். எடுத்தது அப்படியே வெளியே போய்விடுவதும் உண்டு.

கொடி கையிலிருக்கிறதே என்று செயலி முழுவதற்கும் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது பாதுகாப்பு அல்ல, சோம்பல். பெட்டிக்கடையில் பணம் அனுப்பிய பிறகு, கடைக்காரரின் ஒலிபெருக்கி பேசாவிட்டால் வாடிக்கையாளரிடம் இருப்பது 'பணம் சென்றது' என்ற திரை மட்டுமே. வாடகை அனுப்பியவர் அந்தத் திரையை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதையும் தடுத்தால் அவர் சும்மா இருக்க மாட்டார், பக்கத்தில் இருப்பவரின் போனால் படம் எடுக்கச் சொல்வார். இப்போது அந்த ரசீது மூன்றாம் மனிதரின் கேலரியில். ரசீதுத் திரையைத் திறந்துவிட்டு, அதில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டி, மீதி இருப்பை அதில் போடாமல் விடுவது இதைவிட நல்ல வழி. பரிசோதனை முடிவையும் மருத்துவருக்கு அனுப்பத்தான் வேண்டியிருக்கும். அதற்கு 'பகிர்' என்றொரு பொத்தான் தனியாக இருக்கட்டும்.

இடைப்பட்ட திரைகளும் உண்டு. பயனர் விரும்பிப் படமெடுக்கலாம், ஆனால் செயலி அட்டையில் தெரியக் கூடாது. முன்பு இதற்காகச் சிலர் செயலி பின்னால் போகும் தருணத்தில் கொடியை ஏற்றி, திரும்பி வரும்போது இறக்கினார்கள். கொடி ஏறுவதற்குள் போன் படத்தை எடுத்துவிட்டால் அந்த உழைப்பு வீண். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 இதற்கென்றே setRecentsScreenshotEnabled என்ற வசதியைத் தந்தது. அதற்கு false என்று கொடுத்தால் அட்டையில் படம் இருக்காது, ஸ்கிரீன்ஷாட்டுக்குத் தடையும் இருக்காது.

தானே எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கும் ஆயுள் நீளம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'ஸ்பார்க்கேட்' என்ற தீநிரலைப் பற்றி வெளியிட்டது. கூகுள், ஆப்பிள் இருவரின் கடைகளிலும் இருந்த சில செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. கேலரியைப் பார்க்க அனுமதி வாங்கி, படங்களிலுள்ள எழுத்துகளைப் படித்து, கிரிப்டோ பணப்பையை மீட்கும் ரகசியச் சொற்கள் இருக்கும் படங்களைத் தேடி எடுத்து அனுப்பியது. மறந்துவிடுமே என்று படமெடுத்து வைத்துக்கொண்டவர்கள்தான் அதன் இலக்கு.

படத்தை மூடிய பிறகு மிஞ்சுவது காப்பி. கணக்கு எண்ணுக்குப் பக்கத்தில் காப்பி பொத்தான் இல்லாத பணச் செயலி அரிது. அழுத்தியதும் அந்த எண் கிளிப்போர்டுக்குப் போகிறது, கிளிப்போர்டு போன் முழுவதற்கும் பொது. 2019க்கு முன் பின்னணியில் கிடந்த எந்தச் செயலியும் அதை எட்டிப் பார்க்கலாம். அந்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 10 அதை நிறுத்தி, திரையில் முன்னால் நிற்கும் செயலிக்கும் கீபோர்டுக்கும் மட்டும் அனுமதித்தது. ஆனால் காப்பி எடுத்த பிறகு நாம் திறக்கும் அடுத்த செயலி எதுவானாலும் அதுதானே முன்னால் நிற்கிறது? கீபோர்டுகளும் காப்பி எடுத்தவற்றைத் தனிப் பட்டியலாகச் சேர்த்துவைக்கின்றன. போனை வாங்கி யாரோ எதையோ தட்டச்சு செய்யும்போது மேலே உங்கள் கணக்கு எண் எட்டிப் பார்ப்பது இப்படித்தான்.

ஆண்ட்ராய்டு 13 முதல், காப்பி எடுத்ததும் திரையின் ஓரத்தில் அதன் முன்னோட்டம் தோன்றுகிறது. கணக்கு எண்ணோ கடவுச்சொல்லோ அங்கே தெரியாமலிருக்க, அது அந்தரங்கமானது என்று செயலி முன்கூட்டியே சொல்ல வேண்டும்:

```kotlin
val clip = ClipData.newPlainText("", accountNumber)
clip.description.extras = PersistableBundle().apply {
    putBoolean(ClipDescription.EXTRA_IS_SENSITIVE, true)
}
clipboard.setPrimaryClip(clip)
```

இதைப் போட்டால் முன்னோட்டத்தில் எழுத்துகளுக்குப் பதில் புள்ளிகள் வரும். அவ்வளவுதான் அதன் வேலை. பேஸ்ட் செய்யவோ வேறு செயலி படிக்கவோ அது தடையாகாது. ஆகவே உண்மையான கேள்வி, காப்பி பொத்தான் எதற்கெல்லாம் வேண்டும் என்பதுதான். கணக்கு எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், சரி. கார்டின் பின்னாலுள்ள மூன்று இலக்கத்துக்கும் பரிசோதனை முடிவின் வரிகளுக்கும் என்ன அவசியம்? அங்கே எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியையே எடுத்துவிடலாம்.

ஐபோனில் கதை வேறு. ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும் கொடியை ஆப்பிள் செயலிகளுக்குத் தரவில்லை. படம் எடுக்கப்பட்ட பிறகு தகவல் மட்டும் வரும். திரைப்பதிவு நடந்தால் அதை அறிந்து செயலியே உள்ளடக்கத்தை மூடிக்கொள்ளலாம். செயலி அட்டைக்கு, முன்னணியிலிருந்து விலகும் கணத்தில் (sceneWillResignActive) முழுத் திரைக்கும் மேலே ஒரு மூடியைப் போட்டுவிட வேண்டும், போன் எடுக்கும் படத்தில் மூடிதான் விழும். கிளிப்போர்டில் ஆப்பிள் ஒரு படி மேல். காப்பி எடுத்தது ஒரு நிமிடத்தில் காலாவதியாகட்டும் என்று expirationDate வழியாகச் சொல்லலாம். localOnly என்று சொன்னால் அதே ஆப்பிள் கணக்கிலுள்ள ஐபேடுக்கும் மேக் கணினிக்கும் அது போகாது. குடும்பத்துக்கே ஒரு ஆப்பிள் கணக்கு வைத்திருக்கும் வீடுகளில் இது சிறிய விஷயமல்ல. அப்பா போனில் எடுத்த காப்பி பிள்ளையின் ஐபேடில் பேஸ்ட் ஆகும்.

இத்தனையும் செய்த பிறகும் எட்டாத இடம் ஒன்று உண்டு. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி 'எனிடெஸ்க்' போன்ற தொலைக் கட்டுப்பாட்டுச் செயலிகள் வழியாக நடக்கும் யுபிஐ மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. திரையை வெறுமனே படமாகப் பார்க்கும் மோசடிக்காரருக்கு FLAG_SECURE கறுப்பைத்தான் காட்டும். அதனால் இப்போதைய தீநிரல்கள் பல படத்தை நாடுவதில்லை, பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துச் சொல்லும் அணுகல் சேவையின் அனுமதியைக் கேட்கின்றன. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பை நிறுவி அந்த அனுமதியையும் கொடுத்துவிட்டால், அது திரையிலுள்ள எழுத்துகளை எழுத்துகளாகவே படிக்கும். படத்தைத் தடுக்கும் கொடிக்கு அங்கே வேலையில்லை. ஆண்ட்ராய்டு 14 முதல் ஒரு பகுதிக்கு accessibilityDataSensitive என்று குறித்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று அறிவித்துக்கொண்ட சேவைகள் மட்டுமே அதைப் படிக்க முடியும். அப்படிப் பொய்யாக அறிவித்துக்கொண்டு பிளே ஸ்டோருக்குள் வருவது எளிதல்ல, கூகுள் அதைப் பரிசீலிக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் கோப்போ பிளே ஸ்டோரின் வாசலை மிதிப்பதே இல்லை.